செயின்ட் ஜான்ஸில் மணி ஒன்பது

மலேசியாவில் எங்கள் பத்து பகாட் ஊரில் சூரியன் சொன்ன பேச்சைக் கேட்கும். ஏழு மணிவாக்கில் வரும், ஏழு மணிவாக்கில் போகும். வருடம் முழுக்கப் பார்த்தாலும் பத்து இருபது நிமிடம் முன்பின் ஆகும், அதற்கு மேல் அடம்பிடிக்காது. இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்தவள் உலகத்துக்குக் கையுறை விற்கக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

எங்கள் தொழிற்சாலை சின்னது. பருத்தி நூலில் கையுறை பின்னுகிறோம். மீன் வெட்டுகிறவர்கள், பெட்டி தூக்குகிறவர்கள், ரப்பர் உறைக்கு உள்ளே போட்டுக்கொள்கிற மெல்லிய வெள்ளைக் கையுறை. பதினைந்து வருடம் அங்கே கொள்முதல் கிளார்க்காக இருந்தேன். எங்களிடம் பெருவாரியாக வாங்கிக்கொண்டிருந்த சிங்கப்பூர்க்காரர் வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டு போனதும், எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, என்னைக் கூப்பிட்டார். அவர் சீனர். என்னிடம் மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவார்.

"நீதான் நல்லா லெட்டர் எழுதுறே. வெளிநாட்டுக்கு எழுது. நோன்பு மாசம் முடியறதுக்குள்ள நம்மகிட்ட வாங்குற புது பையர் ஒருத்தராவது வரணும். வரலைன்னா ராயாவுக்கு அப்புறம் ரெண்டாவது ஷிப்டை மூடிருவேன்" என்றார்.

ராயா என்றால் நோன்புப் பெருநாள். மிரட்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அதனால்தான் பயமாக இருந்தது.

இரண்டாவது ஷிப்ட் மதியம் மூன்று மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்றுக்கு முடியும். அதில் பதினான்கு பேர். அவர்களை நடத்துகிறவர் ஓர் அக்கா. தமிழ் முஸ்லிம், என்னைவிட எட்டு வயது மூத்தவர். மெஷின் ஒன்று இருமினால்கூட எந்த ஊசி உடைந்தது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். அவர் கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காலையில் காரில் ஏற்றிக்கொண்டு போய், நான்கு மணி நேரம் கூடவே இருந்து, வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்துவிட்டு அப்படியே வேலைக்கு வருவார். பகல் ஷிப்டுக்கு மாறிக்கொள் என்று சொன்னால் அவருக்கு அது வேலையை விடு என்று சொன்ன மாதிரிதான். எனக்கு இது தெரியும். தவுக்கேவுக்கும் தெரியும்.

ஆக, எழுத உட்கார்ந்தேன். எழுதுவதில் எனக்கு என்னைப் பற்றி ஒரு மிதப்பு உண்டு. மரியாதையாக எழுதுவேன், பிழை இருக்காது. விலை, அளவு, மாதிரிப் படம் எல்லாம் அழகாக அடுக்கிவிட்டு, கடைசியில் ஒரு வரி போடுவேன்: "நாம் ஒருமுறை பேசலாமா? உங்களுக்கு எப்போது வசதிப்படும் என்று தெரிவியுங்கள்." நம் வழக்கம் அது. விருந்தாளியிடம் கேட்காமல் நாமே நேரம் குறிப்பதா என்று ஒரு கூச்சம்.

ஜெர்மனியிலிருந்து ஒருவர் பதில் போட்டார். ஆர்வமாகத்தான் இருந்தார். "அடுத்த வாரம் பேசலாம், உங்களுக்கு எது சௌகரியம்?" என்றார். "எந்த நேரமும் சரி" என்று எழுதினேன். "உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் எத்தனை மணி வித்தியாசம்?" என்றார். ஏழு என்று எழுதினேன். பிறகு துணிந்து, "ஞாயிறு மாலை நான்கு மணி, எங்கள் நேரம்" என்று போட்டேன். எங்கள் ஜொகூர் மாநிலத்தில் பல வருடம் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிறு வேலை நாள். விடுமுறை ஞாயிற்றுக்கு மாறிய பிறகும் என் விரல் மாறவில்லை. ஜெர்மனிக்காரர் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் படுக்கையிலிருந்து எழுந்து கையுறை பற்றிப் பேச வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன். அதோடு அவர் காணாமல் போனார்.

இன்னொருவர் கலிபோர்னியா. அவருக்குத் திங்கள் காலை ஒன்பது மணி என்று கொடுத்தேன். எங்கள் திங்கள் காலை ஒன்பது அவருக்கு ஞாயிறு மாலை ஐந்து. அவரும் போனார். உலகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே நான்தான் ஞாபகத்துக்கு வருவேன்போல.

எனக்குப் புத்தி வந்தது எனக்கு வந்த ஒரு மெயிலில். துருக்கியிலிருந்து நூல் விற்கிற ஒருவர் எழுதியிருந்தார். முன்பின் தெரியாதவர். கடைசியில் இரண்டே நேரம் கொடுத்திருந்தார்: புதன் மாலை நான்கு அல்லது வியாழன் மாலை மூன்று, இரண்டும் மலேசிய நேரம். "இரண்டும் ஒத்துவராவிட்டால் நீங்கள் ஒரு நேரம் சொல்லுங்கள், நான் அதற்கு ஏற்பாடு செய்துகொள்கிறேன்." அவ்வளவுதான். எனக்கு அவருடைய நூல் தேவையே இல்லை. ஆனாலும் அரை நிமிடத்தில் "வியாழன்" என்று பதில் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் என் கையையே பார்த்தேன். கணக்குப் போடவில்லை, தேடவில்லை, யோசிக்கவில்லை. கணக்கையெல்லாம் அந்த மனிதர் எனக்காக அங்கேயே போட்டு முடித்திருந்தார். "உங்களுக்கு எப்போது வசதி" என்று நான் மரியாதையாகக் கேட்டதெல்லாம், என் வேலையை அவர்கள் தலையில் கட்டியதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு எழுதியதில்தான் கனடாவின் கிழக்கு ஓரத்தில், நியூபவுண்ட்லாந்து என்ற தீவில், செயின்ட் ஜான்ஸ் என்ற ஊர் வந்தது. அங்கே ஓர் அம்மா மீன் பதப்படுத்தும் ஆலைகளுக்குக் கையுறை வாங்கிக் கொடுக்கிறார். அந்த ஊரின் நேரத்தைப் போனில் பார்த்தேன். எங்களைவிடப் பதினொன்றரை மணி நேரம் பின்னால். அரையா என்று போனைத் தட்டிப் பார்த்தேன். அரைதான். பக்கத்து ஊர்களெல்லாம் முழு மணியில் நிற்க, இவர்கள் மட்டும் அரை மணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

தவுக்கேவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "முன்னே நாமளும் அப்படித்தான்லா. நான் ஸ்கூல் படிக்கிறப்ப நம்ம மணியும் அரைதான். அப்புறம் ஒரு நாள் எல்லாரும் அரை மணி முன்னால தள்ளி வச்சோம்" என்றார். நாற்பது வருடத்துக்கு மேல் இந்த மண்ணில் இருக்கிறேன், எனக்கு இது தெரியாது. ஒரு நாடே சேர்ந்து கடிகாரத்தைத் தள்ளி வைத்திருக்கிறது, சூரியனிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அன்றைக்கு முழுக்க அது என் மனதை விட்டுப் போகவில்லை.

அந்த அம்மாவுக்கு வியாழக்கிழமை எழுதினேன். மெஷின் ஓடுவதைக் காட்ட வேண்டும், ஆகவே இரண்டாவது ஷிப்டில்தான் பேச வேண்டும். நோன்பு மாதம். ஏழு இருபதுக்கு நோன்பு திறக்க மெஷின்களை நிறுத்தினால் எட்டு மணிக்குத்தான் திரும்ப ஓடும். எல்லாம் கணக்குப் பார்த்து எழுதினேன்:

"செவ்வாய் காலை 9:00 அல்லது புதன் காலை 9:30, இரண்டும் உங்கள் செயின்ட் ஜான்ஸ் நேரம். (எங்களுக்கு அது இரவு 8:30, 9:00.) இரண்டும் ஒத்துவராவிட்டால் ஒரு நேரம் சொல்லுங்கள், நான் வந்துவிடுகிறேன்." கீழே பேசுவதற்கான இணைப்பு.

மறுநாள் பதில் வந்தது. "செவ்வாய். எங்கள் அரை மணியைச் சரியாக எழுதிய முதல் ஆள் நீங்கள்தான். எல்லோரும் எங்களை டொரொன்டோ என்றே நினைத்துக்கொள்கிறார்கள்."

அந்த வரியைத் தவுக்கேவுக்குப் படித்துக் காட்டினேன். அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கேண்டீனில் மீ கோரிங் நூடுல்ஸ் போடுகிற அம்மாவுக்கும் காட்டினேன், அவர் என்ன பாவம் செய்தாரோ. சுவர்க் காலண்டரில் செவ்வாய்க்கிழமையின் கீழே சிவப்பு மையில் 8:30 என்று எழுதி வட்டம் போட்டேன். காலண்டர் அழைப்பு ஒன்றை மெயிலில் அனுப்பியிருக்கலாம். ஒரு வார்த்தையில் முடிந்ததற்கு எதற்கு இன்னொரு மெயில் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய் மாலை ஏழு இருபதுக்கு மெஷின்கள் நின்றன. தவுக்கே கடைக்குச் சாப்பிடப் போனார், எட்டேகாலுக்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு. கேண்டீனில் எல்லோரும் நோன்பு திறந்துகொண்டிருந்தார்கள். நான் நோன்பில்லை, இருந்தாலும் அக்கா எனக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி ஊற்றி வைத்திருந்தார். நாலு வாய் சாப்பிட்டிருப்பேன். ஏழு முப்பத்தாறுக்குப் போனில் மெயில் வந்து விழுந்தது.

"வணக்கம். நீங்கள் எழுதிய எங்கள் நேரமும் உங்கள் நேரமும் இப்போது ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தோம். அதைக் கேட்டு எழுதினால் நீங்கள் திரும்ப ஒரு மெயில் எழுத வேண்டும், அதனால் ஒன்பது, பத்து இரண்டு மணியையும் உங்களுக்கென்று வைத்துவிட்டேன். இப்போது இணைப்பில் இருக்கிறேன். நீங்கள் இல்லையென்றால் பத்து மணிக்குத் திரும்ப வருகிறேன். அவசரமில்லை."

போனில் செயின்ட் ஜான்ஸ் நேரத்தைப் பார்த்தேன். ஒன்பது ஆறு. வித்தியாசம் பத்தரை மணி.

கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். வியாழக்கிழமை பார்த்தபோது போன் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு உள்ள வித்தியாசத்தைச் சொன்னது. செவ்வாய்க்கிழமை என்ன வித்தியாசம் இருக்கும் என்று நான் கேட்கவே இல்லை. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கடிகாரம் என்றால் அது நிற்கிற இடத்தில் நிற்கும் என்றுதான் நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் சனிக்கிழமை துணி துவைத்து, ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்த நேரத்தில், உலகத்தின் இன்னொரு மூலையில் ஒரு தீவு முழுக்க எழுந்து ஒரு மணி நேரத்தைத் தள்ளி வைத்திருக்கிறது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்.

நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். இந்த மெயிலை நான் பார்க்கவில்லை என்று இருந்துவிட்டால் என்ன? அவரே பத்து மணிக்கு வருகிறேன் என்கிறார். எட்டரைக்கு மெஷின்கள் எல்லாம் ஓடும், தவுக்கே நல்ல சட்டையில் இருப்பார், எல்லாம் நான் போட்ட திட்டப்படி நடக்கும். இப்போது போனால் ஹாலில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. பதினான்கு பேருடைய பிழைப்பு. செத்துப்போன மெஷின்களைக் காட்டி என்ன விற்பது? யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஆனால் அங்கே ஒருவர் எனக்காக உட்கார்ந்திருக்கிறார். என் தவறு தெரிந்தும், அதை எனக்குச் சொல்லி என்னை இன்னொரு மெயில் எழுதவைக்கக்கூடாது என்று, தன்னுடைய காலையில் இரண்டு மணி நேரத்தை எடுத்து வைத்திருக்கிறார். துருக்கிக்காரரிடம் கற்றுக்கொண்டதை எல்லாம் நான் பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரியது ஒன்று உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

அக்காவிடம் மெயிலைச் சொன்னேன். இரண்டே வரியில்.

அக்கா கேட்டார், "இப்ப உக்காந்திருக்காங்களா?"

"ஆமாக்கா."

அவர் கையில் பேரீச்சம்பழம் பாதி இருந்தது. வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்து, கையைக் கழுவினார். "வா" என்றார்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலுக்குள் போனபடியே இணைப்பைத் திறந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா. பின்னால் பெரிய ஜன்னல். ஜன்னல் முழுக்க வெள்ளை. முதலில் சுவர் என்று நினைத்தேன், பிறகுதான் பனி என்று தெரிந்தது. பனிமேல் காலை வெயில் விழுந்து அவர் தோள் எல்லாம் பளபளத்தது. என் தலைக்கு மேலே இரவு வந்து, கூரை ஓட்டையில் இருட்டு தெரிந்தது. ஒரே நிமிடம். இரண்டு பேரும் ஒரே நிமிடத்தில் நின்றுகொண்டிருக்கிறோம், ஒருவருக்கு விடிந்திருக்கிறது, ஒருவருக்கு இருட்டியிருக்கிறது. இது பள்ளிக்கூடத்தில் ஆரஞ்சுப் பழத்தை வைத்துக் காட்டின பாடம்தான். ஆனாலும் அன்றைக்குத்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மன்னிப்புக் கேட்டேன். உங்கள் கடிகாரம் மாறும் என்று எனக்குத் தெரியாது, எங்கள் ஊரில் மாறாது என்றேன். "மாறவே மாறாதா?" என்று கேட்டார். மாறாது என்றேன். முன்னொரு காலத்தில் எங்களுக்கும் உங்களைப் போல அரை மணி இருந்ததாம், என் முதலாளி சொன்னார் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அப்படியென்றால் நாம் உறவுக்காரர்கள்" என்றார்.

உண்மையைச் சொன்னேன். மெஷின்கள் ஓடவில்லை, எல்லோரும் நோன்பு திறக்கிறார்கள், எட்டு மணிக்குத்தான் ஓடும். அவர் பதறிப்போனார். "அவர்கள் சாப்பிடட்டும், நான் பத்து மணிக்கே வருகிறேன்" என்று எழுந்துகொள்ளப் பார்த்தார்.

அதற்குள் அக்கா ஒரு மெஷினைத் தட்டிவிட்டார்.

எல்லா மெஷினும் ஓடும்போது ஹாலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அன்றைக்கு அந்த ஒரே மெஷின் மட்டும் ஓடியது. அதன் சத்தத்தை நான் பதினைந்து வருடத்தில் தனியாகக் கேட்டதே இல்லை. போனை அருகில் கொண்டுபோனேன். முதலில் சுண்டுவிரல் பின்னிக்கொண்டு இறங்கியது. அடுத்து மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி. பிறகு உள்ளங்கையின் மேல்பாதி, அப்புறம் கட்டைவிரல். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கீழே இறங்கி, மணிக்கட்டில் ரப்பர் நூல் ஏறி, சில நிமிடத்தில் ஒரு முழுக் கை தொப்பென்று தட்டில் விழுந்தது. இதற்கு முன்னால் ஆயிரம் முறை பார்த்திருப்பேன். யாரோ ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதைப் பார்த்ததும், நானும் அப்படியே பார்த்தேன். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு கை வந்தது.

அக்கா அதை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு, போனுக்கு நேரே விரல்களை விரித்துக் காட்டினார். அந்த அம்மா ஏதோ கேட்டார். உள்பக்கம் திருப்பி விரல் நுனியைக் காட்டச் சொல்கிறார் என்று சொன்னேன். அக்கா திருப்பிக் காட்டினார். அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்கள் ஆலையில் மீனைப் பெட்டியில் அடுக்குகிறவர்கள் பெண்கள். எல்லோருக்கும் சின்னக் கை. வருகிற கையுறை எல்லாம் பெரிதாக இருக்கிறது, விரல் நுனி மடங்கி மீன் முள் குத்துகிறது. இவருடைய கை அளவுக்குச் செய்வீர்களா?"

மொழிபெயர்த்தேன். அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் கையைப் போனுக்கு நேரே வைத்தார்.

"இந்தக் கைக்குத்தானே? செய்யலாம்னு சொல்லு. நானே முன்னால நின்னு பாக்குறேன்."

அந்த அம்மாவும் தன் கையைத் தூக்கித் திரையில் வைத்தார். என் உள்ளங்கையில் இருந்த போனில், பூமியின் இந்தப் பக்கத்துக் கையும் அந்தப் பக்கத்துக் கையும் விரலுக்கு விரல் நின்றன. போனை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன், விற்க வந்தவள் அழக்கூடாது.

சின்ன அளவில் மாதிரி அனுப்பச் சொன்னார். அடுத்த வாரம் தன் ஆலையிலிருந்து ஒருவரையும் அழைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். "நேரத்தை நீங்களே எழுதுங்கள்" என்றார். அந்த இரவே எழுதினேன். இந்த முறை அடுத்த வாரம் அந்தக் கிழமையில் அங்கே மணி என்ன என்று தேதியைப் போட்டுப் பார்த்தேன். காலண்டர் அழைப்பில் ஊர்ப் பெயரைச் செயின்ட் ஜான்ஸ் என்று கொடுத்தேன். அது எனக்கு எங்கள் மணியைக் காட்டியது, அவருக்கு அவர் மணியைக் காட்டும். எட்டேகாலுக்கு நல்ல சட்டையில் வந்த தவுக்கேவிடம் முடிந்துவிட்டது என்று சொன்னபோது, அவர் தன் கைக்கடிகாரத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

நோன்பு முடிய இரண்டு நாள் இருக்கும்போது உறுதிக் கடிதம் வந்தது. மாதாமாதம் அனுப்ப வேண்டும், சின்ன அளவு மட்டும். தவுக்கே அதைப் படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துத் திரும்பப் படித்துவிட்டு, "ரெண்டாவது ஷிப்டை மூட வேண்டாம். நீயே போய்ச் சொல்லு" என்றார்.

அக்கா மெஷினுக்குக் கீழே குனிந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். எழுந்து நின்று துணியில் கையைத் துடைத்தார், விரல் விரலாக, ரொம்ப நேரம்.

"அப்ப ராயாவுக்கு அப்புறமும் நான் மூணு மணிக்கு வந்தா போதுமா?"

"போதும்க்கா."

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தும் என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.